மேனேஜர் பாராட்டும்போது என்ன பதில் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்று மேனேஜர் சொன்னதும் "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்" என்றுதான் வாயில் வருகிறது. அடக்கமாகத்தானே பேசுகிறேன், அதில் என்ன தப்பு?

உங்கள் எண்ணத்தில் தப்பே இல்லை. எதிரில் இருப்பவர் காதில் அது எப்படி விழுகிறது என்பதில்தான் சிக்கல். மேனேஜர் உங்கள் வேலையைப் பார்த்து, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்து அதை வாய்விட்டுச் சொல்கிறார். நீங்கள் "ஒண்ணுமில்லை" என்றால் அவர் போட்ட எடை தவறு என்று ஆகிவிடுகிறது. அதை அவர் அப்படியே விடவும் முடியாது. "இல்லம்மா, நிஜமாவே நல்லா இருந்துச்சு" என்று இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். நீங்கள் பாராட்டைத் தள்ளிவிட நினைத்தீர்கள், கடைசியில் அதையே இரண்டாம் முறை கேட்டு வாங்கியதுபோல் ஆகிவிடும்.

சில மேனேஜர்கள் நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். அது இன்னும் பெரிய நஷ்டம். மூன்று நாள் உட்கார்ந்து முடித்த வேலையை நீங்களே "சும்மா பார்த்தேன் சார்" என்று சொன்னால், அது சும்மா முடிகிற வேலை என்று அவர் மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை அதே வேலைக்கு அரை நாள்தான் கெடு கிடைக்கும். அப்போது போய் "போன தடவை மூணு நாள் ஆச்சு சார்" என்றால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும்.

பாராட்டுக்கு மனிதர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை அனிதா பொமரன்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்து 1978-ல் எழுதினார். நாம் தடுமாறுவதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை ஒத்துக்கொள்வதுதான் இணக்கமான பேச்சு. அதே சமயம் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்பதும் பேச்சின் ஒழுங்கு. பாராட்டு வரும்போது இந்த இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. ஒத்துக்கொண்டால் தற்பெருமை, மறுத்தால் இணக்கம் கெடுகிறது. அதனால்தான் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் குழறுகிறார்கள். நம் வீடுகளில் "தன்னைத் தானே மெச்சிக்காதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பதால், நமக்கு மறுக்கிற பக்கம்தான் இழுப்பு அதிகம்.

சரி, அப்போ என்னதான் சொல்வது?

முதலில் நன்றி. அடுத்து அந்த வேலையில் நீங்கள் உண்மையில் செய்த ஒரே ஒரு காரியம். யாராவது உதவியிருந்தால் அவர் என்ன செய்தார் என்பதும். இவ்வளவும் இரண்டு மூன்று வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய சரக்குக்கான பில்களை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிடும்போது, பருத்தி நூல் சப்ளையர் ஒருவரின் மூன்று பில்கள் அதில் வரவில்லை என்று கண்டுபிடிக்கிறீர்கள். மூன்றும் சேர்த்து 24 லட்ச ரூபாய். 5 சதவீத வரி என்றால் 1,20,000 ரூபாய். பில் 2பி-யில் தெரிந்தால்தான் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் அந்தப் பில்களை ஏற்றிவிட்டால், 14-ம் தேதி வரும் 2பி-யில் அவை தெரியும். 20-ம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி ரிட்டர்னைத் தாக்கல் செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம். ஏற்றாவிட்டால் அந்த மாதம் அவ்வளவு பணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். நீங்கள் சப்ளையரிடம் விடாமல் பேசி ஏற்ற வைத்துவிட்டீர்கள். மேனேஜர் வந்து, "நூல் பில் விஷயத்தை நல்லா புடிச்சீங்க, வெரி குட்" என்கிறார்.

தள்ளிவிடும் பதில் இப்படி இருக்கும்: "ஐயோ சார், போர்ட்டலைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்."

பீற்றிக்கொள்ளும் பதில் இப்படி: "நான் மட்டும் பார்க்கலைன்னா கம்பெனிக்கு ஒண்ணேகால் லட்சம் போயிருக்கும் சார். ஆடிட்டரே கவனிக்கலையே!"

எனக்குச் சரியாகப் படுவது இது: "ரொம்ப நன்றி சார். மூணு பில் 2பி-ல வரலைன்னு பார்த்ததும், 11-ம் தேதிக்குள்ள ஏத்த வைக்கணும்னு சப்ளையருக்கு தினம் போன் பண்ணிட்டே இருந்தேன். குடோன் அண்ணன் அன்னைக்கே பில் காப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்துட்டாரு, அதான் அவங்களால உடனே சரிபார்க்க முடிஞ்சது."

இந்தக் கடைசிப் பதிலில் "நான் கெட்டிக்காரன்" என்று எந்த இடத்திலும் இல்லை. ஆனால் வேலை எப்படி நடந்தது என்பது முழுதாக இருக்கிறது. தேதி தெரிந்து வேலை செய்திருக்கிறார், விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார், குடோனிலிருந்து ஒருவர் கைகொடுத்திருக்கிறார். மேனேஜர் அடுத்து முதலாளியிடம் போய் இதைச் சொல்லப் போகிறார். "நல்ல பொண்ணு, நல்லா வேலை பார்க்குது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "கெடு தேதிக்கு முன்னாடியே சப்ளையரை ஏத்த வெச்சுட்டாங்க" என்று சொல்ல அவருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு விவரம்தான் மேலே பயணப்படும்.

பீற்றல் பதிலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. 1,20,000 என்பது ஒண்ணேகால் லட்சமாக வீங்கிவிட்டது. அந்தப் பணம் "போயிருக்கும்" என்பதும் சரியில்லை. சப்ளையர் பிறகு ஏற்றினால் பிறகு எடுத்திருக்கலாம், தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். கணக்கு தெரிந்த மேனேஜருக்கு இது உடனே உறைக்கும். பாராட்டிய வாய் மூடுவதற்குள் உங்கள் பேச்சின்மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. பேச ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகிறது, தற்பெருமை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செய்ததைச் சொன்னால் தற்பெருமை ஆகாது. அதற்கு நீங்களே மதிப்பெண் போட்டால்தான் ஆகும். "சப்ளையரிடம் தினமும் பேசினேன்" என்பது நடந்தது. "இந்த மாதிரி ஃபாலோ பண்ண இங்க வேற யாரும் இல்லை" என்பது மதிப்பெண். மதிப்பெண் போடும் வேலையை மேனேஜர் ஏற்கெனவே செய்துவிட்டார், அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பேசும்போதே கவனிக்கலாம். இன்னொருவரோடு ஒப்பிட வாய் போகிறதா? எத்தனை நாள் தூங்கவில்லை, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனேன் என்ற கணக்கு வருகிறதா? "இது மட்டுமில்ல சார், போன மாசம்கூட..." என்று பழைய வேலையைத் துணைக்கு இழுக்கிறீர்களா? இதில் எது வந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ஒரு புன்னகையோடு "தேங்க்ஸ் சார்" என்றால் முடிந்தது. மேனேஜருக்கு மேலும் தெரிய வேண்டுமென்றால் அவரே கேட்பார். கேட்டால் தாராளமாக, முழுதாகச் சொல்லுங்கள். கேட்டதற்குச் சொல்லும் பதில் எவ்வளவு நீண்டாலும் பெருமையாகாது.

தாமதமாக வேலை பார்த்தது மேனேஜருக்குத் தெரிய வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம், ஆள் பற்றாக்குறையால் மாதாமாதம் அப்படி நடக்கிறது என்றால். அதை வேறொரு நாள், வேலைப்பளு பற்றிய பேச்சாகவே எடுங்கள். பாராட்டுக்குப் பதிலாகச் சொன்னால் இரண்டும் கெட்டுப்போகும்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்", "எல்லாம் கடவுள் செயல்" என்று சொல்வது நம் பழக்கம்தானே?

ஆமாம், அதை நான் குறைவாக நினைக்கவில்லை. குடும்பமாக நடத்தும் கம்பெனியில், வயதில் மூத்த முதலாளி தோளைத் தட்டி "நல்லா இருப்பா" என்றால் "உங்க ஆசீர்வாதம்யா" என்பதுதான் இயல்பான பதில். அங்கே அவர் வாழ்த்துகிறார், நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஆனால் உங்களைவிட நான்கு வயது மூத்த டீம் லீடர், ஒரு எக்செல் ஷீட்டைப் பார்த்து "ஃபார்முலா சூப்பரா போட்டிருக்கீங்க" என்கிறபோது அதே வாக்கியத்தைச் சொன்னால், அருகில் இருப்பவர்களுக்கு ஐஸ் வைப்பதாகத்தான் படும். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் மேனேஜர் என்றால் அவருக்கே கூச்சமாகிவிடும். நீங்கள் தினமும் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்களோ, அதே மரியாதையில், அதே தொனியில் பதிலும் இருக்கட்டும். "சார்" என்பவர் சார் என்றே சொல்லட்டும், "அண்ணா" என்பவர் "தேங்க்ஸ்ணா" என்று சொல்லட்டும். பாராட்டு வந்த நிமிடத்தில் மட்டும் திடீரென்று பணிவு கூடினால்தான் செயற்கையாகத் தெரியும்.

கடவுளுக்கு நன்றி சொல்வது உங்கள் நம்பிக்கை, சொல்லுங்கள். அதற்கு முன்னால் மேனேஜருக்கு ஒரு நன்றியும் வேலையைப் பற்றி ஒரு வாக்கியமும் இருந்தால் போதும்.

வேலை டீமாகச் செய்தது. என்னை மட்டும் பாராட்டும்போது நான் எப்படி வாங்கிக்கொள்வது?

இங்கேதான் "டீம் ஒர்க் சார்" என்ற இரண்டு வார்த்தை வருகிறது. கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் அதனால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. மேனேஜருக்கு யார் என்ன செய்தார் என்று தெரியவில்லை. உதவியவருக்குப் பெயர் போகவில்லை. உங்கள் பங்கும் அதில் கரைந்துவிட்டது.

யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று சொல்லுங்கள். மேலே குடோன் அண்ணனைப் பற்றிச் சொன்னது போல. நிஜத்தில் அவர் பெயரையே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரையும் பட்டியல் போட வேண்டாம். மேனேஜருக்குத் தெரியாமல் போகக்கூடிய பங்கு யாருடையதோ, அவரை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் அது மீட்டிங்குக்கு வராத ஆளாகத்தான் இருக்கும்.

உங்கள் பங்கையும் சேர்த்தே சொல்லுங்கள். "நான் ஒண்ணும் செய்யலை, எல்லாம் அவர்தான்" என்றால், அதுவும் பொய்தான்.

பாராட்டப்பட்ட காரியத்தையே வேறொருவர் செய்திருந்தால் கதை வேறு. அப்போது முதல் வாக்கியத்திலேயே திருத்திவிட வேண்டும்: "சார், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சது அவங்கதான். நான் சப்ளையர்கிட்ட பேசினது மட்டும்தான்." சிரித்துக்கொண்டு அப்புறம் சொல்லலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வராது. பக்கத்து மேசையில் இருப்பவர் அதை மறக்கவும் மாட்டார்.

எல்லாரையும் சிசி போட்டு மெயிலில் பாராட்டியிருக்கிறார். ரிப்ளை ஆல் போட வேண்டுமா?

சிசியில் இருப்பவர்களைப் பாருங்கள். உங்கள் டீமும் மேனேஜரின் மேலதிகாரியும் மட்டும் என்றால், எல்லாருக்கும் ஒரே ஒரு பதில், அன்றைக்கே. உதவியவர் பெயர் இடம்பெற இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் அந்த மெயிலில் இல்லையென்றால் சிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த ஆபீசுக்கும் போகும் குழு முகவரி என்றால் மேனேஜருக்கு மட்டும் அனுப்புங்கள். நூறு பேருடைய இன்பாக்ஸில் உங்கள் நன்றி தேவையில்லை.

மெயில் நேர்ப்பேச்சை விடச் சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம் சார், உங்கள் வார்த்தைகளுக்கு மிக்க நன்றி. குடோனிலிருந்து பில் நகல்கள் அன்றே கிடைத்ததால் 11-ம் தேதிக்குள் முடிக்க முடிந்தது. இனி ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதியே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்."

கடைசி வாக்கியத்தைச் செய்ய முடிந்தால் மட்டும் எழுதுங்கள். எழுத்தில் இருப்பதை அடுத்த மாதம் 5-ம் தேதி யாராவது கேட்பார்கள்.

வாட்ஸப் குரூப் என்றால் ஒரு வரி போதும். அதன்பின் வரிசையாக வரும் கைதட்டல்களுக்கும் பூங்கொத்துகளுக்கும் ஒவ்வொருவருக்காகப் பதில் போட வேண்டாம். மாலையில் ஒருமுறை "எல்லாருக்கும் நன்றி" என்று போட்டுவிடலாம்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் சொல்லும்போது முகம் சிவந்து, குனிந்துகொள்கிறேன்.

மீட்டிங்கில் விளக்கமே வேண்டாம். மேனேஜரைப் பார்த்து "தேங்க்ஸ் சார்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், அது போதும். உதவியவர் அறையில் இருந்தால் அவர் பக்கம் கைகாட்டி ஒரு வாக்கியம். குனிந்தால்தான் எல்லார் கண்ணும் உங்கள்மேல் நிற்கும். நன்றி சொல்லிவிட்டால் மீட்டிங் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு இதுதான் சீக்கிரம் தப்பிக்கும் வழி.

பாராட்டுகிறார், ஆனால் அந்த வேலையில் ஒரு குறை இருப்பது எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதா?

குறை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. இன்னும் கொஞ்சம் அழகாகச் செய்திருக்கலாம் என்ற ரகம் என்றால் அதை உங்களோடு வைத்துக்கொண்டு அடுத்த முறை செய்யுங்கள். அந்த நேரத்தில் "இல்ல சார், அந்த ரெண்டாவது பக்கம் சரியாவே வரலை" என்று எடுத்துக்காட்டுவதும் தள்ளிவிடும் இன்னொரு வடிவம்தான். நேர்மை மாதிரி தோன்றும், ஆனால் யாருக்கும் பயன் இல்லை.

பின்னால் பிரச்சினையாக வரக்கூடிய குறை என்றால் அதே பேச்சில் சொல்லியே ஆக வேண்டும். நம் உதாரணத்தில், மூன்றில் இரண்டு பில்தான் ஏறியிருக்கிறது, மூன்றாவதில் ஜிஎஸ்டி எண் தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நன்றி சார். ஒரு விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. ரெண்டு பில் வந்துடுச்சு, மூணாவதுல நம்ம நம்பர் தப்பா ஏறியிருக்கு. சப்ளையர் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல திருத்தித் தரேன்னு சொல்லியிருக்கார், அதைப் பார்த்துக்கிறேன்." முதலில் நன்றி, பிறகு நிலவரம், பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. இந்த வரிசை முக்கியம். குறையை முதலில் சொன்னால் பாராட்டியவர் அவசரப்பட்டுவிட்டதாக உணர்வார். மூன்றும் வந்துவிட்டதாக அவர் முதலாளியிடம் சொல்லி, பிறகு தெரியவந்தால் அவருக்குத் தலைகுனிவு.

"உங்ககிட்ட இவ்வளவு எதிர்பார்க்கலை!" என்கிறார். இது பாராட்டா, குத்தலா?

பெரும்பாலும் வாய் தவறி வருவதுதான், நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நன்றி சார், இந்தத் தடவை ஆரம்பத்துலேயே பில்லையெல்லாம் தனியா பிரிச்சு வெச்சேன், அது உதவுச்சு." உங்களிடம் எதிர்பார்க்காததை உங்களால் செய்ய முடியும் என்று அவருக்கே இப்போது ஒரு காரணத்தோடு தெரிந்துவிட்டது. இதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், ஒருநாள் தனியாக உட்கார்ந்து "என்கிட்ட எதுல குறை தெரியுதுன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கறேன் சார்" என்று நேராகக் கேளுங்கள்.

பாராட்டிய கையோடு "அப்படியே இன்னொரு யூனிட்டோட கணக்கையும் நீங்களே பார்த்துக்கோங்க" என்று தலையில் கட்டிவிடுகிறார்.

இரண்டையும் பிரித்து வையுங்கள். பாராட்டுக்கு நன்றி சொல்லி அங்கே ஒரு முற்றுப்புள்ளி. புது வேலைக்கு அப்போதே சரி, முடியாது என்று எதுவும் சொல்லத் தேவையில்லை. "அந்த யூனிட்ல மாசத்துக்கு எத்தனை பில் வருதுன்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் சார்." புகழ்ந்த சூட்டில் தலையாட்டிவிட்டு, 18-ம் தேதி ராத்திரி இரண்டு கம்பெனி ரிட்டர்னோடும் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லதல்ல.

பாராட்டும்போதே சம்பள உயர்வு பற்றிக் கேட்கலாமா? சூடு ஆறுவதற்குள் கேட்பதுதானே புத்திசாலித்தனம்?

அந்த நிமிடத்தில் வேண்டாம். அவர் மனமுவந்து சொன்னதை நீங்கள் பேரத்தின் முதல் வரியாக மாற்றிவிட்டதுபோல் இருக்கும், அடுத்த முறை பாராட்ட யோசிப்பார். ஆனால் அதை வீணாகவும் விடாதீர்கள். தேதி, என்ன வேலை, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், மெயில் என்றால் தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அப்ரைசல் படிவத்தில் "என்ன சாதித்தீர்கள்" என்ற கட்டம் வரும்போது பலர் எதுவும் நினைவுக்கு வராமல் திண்டாடுகிறார்கள். அங்கே "1,20,000 ரூபாய் உள்ளீட்டு வரவு அதே காலக்கெடுவில் கிடைக்கச் செய்தேன்" என்று எழுதலாம். தொகையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அங்கே கூச்சமே வேண்டாம்.

அந்த நேரத்தில் வாயே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. அன்று மாலையோ மறுநாள் காலையோ ஒரு சின்ன மெசேஜ் போதும். ஏன் பேசவில்லை என்று விளக்கவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாம். "சார், காலையில நூல் பில் பத்தி நீங்க சொன்னது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. குடோன் அண்ணன்கிட்டயும் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்." அனுப்புவதற்கு முன் குடோன் அண்ணனிடம் நிஜமாகவே சொல்லிவிடுங்கள்.